தொடைவலியும் குடலடைப்பும்: ஒரு மூதாட்டியின் வயிற்று எக்ஸ்ரே சொன்னதும் சொல்லாததும்

இது ஒரு மாவட்டத் தலைநகர மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவிலிருந்து எழுதப்படும் குறிப்பு. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். பயிற்சி மருத்துவர்களும் கேஷுவாலிட்டியில் இரவுப் பணி பார்ப்பவர்களும் இதன் முதல் வாசகர்கள். வயிற்று எக்ஸ்ரேயில் அடைப்பு எப்படித் தெரியும் என்று பாடப்புத்தகம் காட்டும் படங்கள் எல்லாம் அடைப்பு நன்றாக முற்றிய பிறகு எடுத்தவை. இங்கே அப்படி இல்லை. முதல் படத்தில் வாயு குறைவாகத்தான் இருந்தது. அதை வைத்துத்தான் அன்றிரவு முடிவெடுக்க வேண்டியிருந்தது.

## பின்னணி

நோயாளிக்கு 74 வயது. ஐந்து பிள்ளைகள் பெற்றவர், ஒல்லியான உடல், எடை 38 கிலோ. சில ஆண்டுகள் முன்புவரை வயல்வேலைக்குப் போனவர். வயிற்றில் இதுவரை எந்த அறுவையும் நடந்ததில்லை. பிரசவம் அனைத்தும் சுகப்பிரசவம். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை.

மூன்று வாரங்களாக வலது முழங்கால் வலி என்று வெளியே காட்டியிருக்கிறார்கள். முழங்கால் எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் இருந்தது. 74 வயதில் யாருக்கு எடுத்தாலும் ஏதோ ஓர் அளவுக்கு இருக்கும். வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆகவே மூன்று நாள் முன்பு வாந்தி தொடங்கியபோது வீட்டார் அதை வலி மாத்திரையின் வேலை என்றே நினைத்தார்கள். முதல் நாள் சாப்பிட்டதெல்லாம் வந்தது, அப்புறம் மஞ்சளாகப் பித்தம். மூன்றாம் நாள் மாலை கொஞ்சம் பழுப்பாகவும் நாற்றத்தோடும் வந்ததைப் பார்த்துப் பயந்துபோய்க் கூட்டிவந்தார்கள்.

## வந்தபோது

இரவு ஏழு மணி. நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 100/60, நாக்கு உலர்ந்திருந்தது, காய்ச்சல் இல்லை. வயிறு லேசாக உப்பியிருந்தது, ஆனால் தொட மெத்தென்றிருந்தது, அழுத்தினால் விறைப்பில்லை. வலி விட்டுவிட்டு வந்தது. வலி வரும் அந்த நிமிடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட அறுவை மருத்துவர், குடல் இரைச்சல் உரக்க, உலோக ஓசைபோல் கேட்டதாகக் குறித்தார். வலி அடங்கியதும் அந்தச் சத்தமும் அடங்கியது.

தழும்பு இல்லாத வயிற்றில் அடைப்பு என்று சந்தேகம் வந்தால் தேட வேண்டிய முதல் இடம் ஹெர்னியா. வயதான பெண்கள் சேலையை விலக்கக் கூச்சப்படுவார்கள், மருத்துவரும் சங்கடப்பட்டு விட்டுவிடுவது உண்டு. தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவு ஃபெமரல் ஹெர்னியா இருந்து, அதை யாரும் பார்க்காமலே இரண்டு நாள் கழிவது நடக்காத கதை அல்ல. இங்கே அறுவை மருத்துவர் பெண் செவிலியரை உடன் வைத்துக்கொண்டு இரு பக்கமும் பார்த்தார். வீக்கம் இல்லை. மலக்குடலில் விரல் விட்டுச் சோதித்ததில் கொஞ்சம் இளகிய மலம் இருந்தது.

ரத்தத்தில் பொட்டாசியம் 3.1, சோடியம் 130, கிரியேட்டினின் 1.9, வெள்ளை அணு 11,800.

மருமகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “காலையிலகூட வெளிக்கிப் போனாங்க டாக்டர். அடைப்பு இருந்தா எப்படிப் போகும்?” கேஷுவாலிட்டி டியூட்டி டாக்டரும் ஏறக்குறைய அதே எண்ணத்தில்தான் இருந்தார். வாந்தி, இளகிய மலம், பொட்டாசியம் குறைவு. இது குடலழற்சி, பொட்டாசியம் குறைந்ததால் குடல் சோர்ந்து கிடக்கிறது என்பது அவர் கணிப்பு. பொருந்தாத கணிப்பு என்று சொல்லிவிட முடியாது. அடைப்புக்குக் கீழே உள்ள குடலில் ஏற்கெனவே இருந்த மலமும் வாயுவும் வெளியேற ஒரு நாள், சில சமயம் இன்னும் கூடுதலாகவே ஆகும் என்பதை மட்டும் அது கணக்கில் எடுக்கவில்லை.

## முதல் எக்ஸ்ரே

7.50-க்கு மல்லாந்த நிலையில் ஒரு படம். அவரால் நிற்க முடியவில்லை. ஆகவே நின்ற நிலைப் படத்துக்குப் பதிலாக, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கதிரைப் படுக்கைவாட்டில் செலுத்தி இரண்டாவது படம் எடுத்தோம். அந்த நிலையில் பத்து நிமிடம் கிடத்திய பிறகே எடுத்தது. குடல் எங்காவது ஓட்டையாகியிருந்தால் வெளியேறிய வாயு மேலேறி, கல்லீரலுக்கும் விலாவுக்கும் நடுவே கறுப்புப் பட்டையாக நிற்கும். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அப்படி எதுவும் இல்லை.

எக்ஸ்ரேயில் குடல் என்ற உறுப்பே உண்மையில் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் வாயுதான் கறுப்பாகத் தெரிகிறது. அந்த வாயு எந்த வடிவத்தில் நிற்கிறதோ அதை வைத்துக் குடலின் அகலத்தையும் இடத்தையும் ஊகிக்கிறோம். வாயு இல்லாமல் வெறும் நீர் நிறைந்த குடல் பக்கத்துத் தசையோடும் மற்ற உறுப்புகளோடும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். அன்று எங்களைத் தடுமாற வைத்ததும் இதுதான்.

வழக்கமாக இரைப்பையில் ஒரு வாயுக் குமிழியும், பெருங்குடலில் மலத்தோடு கலந்த வாயுவும், மலக்குடலில் கொஞ்சமும் தெரியும். சிறுகுடலில் அங்கங்கே ஒன்றிரண்டு துண்டுகள்தான் இருக்கும், ஏனென்றால் விழுங்கிய காற்று அங்கே தங்காமல் ஓடிவிடுகிறது. அளவுக்கு 3, 6, 9 என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்: சிறுகுடல் 3 சென்டிமீட்டர், பெருங்குடல் 6, அதன் தொடக்கப் பையான சீக்கம் 9. இதற்கு மேல் விரிந்தால் கவனி என்பது கணக்கு.

இவர் படத்தில் இடப்பக்கம், தொப்புளுக்குச் சற்று மேலே இரண்டே இரண்டு வளைவுகள் விரிந்திருந்தன. அகலம் 3.4 சென்டிமீட்டர். அவற்றின் குறுக்கே நெருக்கமாக மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒரு சுவரில் தொடங்கி எதிர்ச்சுவர் வரை முழுதாகப் போய்ச் சேர்ந்தன. சிறுகுடலின் உள்மடிப்புகள் அவை. பெருங்குடலாக இருந்தால் கோடு கனமாக, இடைவெளி விட்டு, பாதி வழியில் நின்றுவிடும். இடமும் வயிற்றின் ஓரமாக இருக்கும். ஆகவே விரிந்திருப்பது சிறுகுடல், அதுவும் மேற்பகுதியான ஜெஜுனம், என்பதில் சந்தேகமில்லை.

மற்ற இடமெல்லாம் சாம்பல். வலப்பக்கம் சீக்கத்தில் கொஞ்சம் வாயு, மலக்குடலில் ஒரு சிறு குமிழி. மேலோட்டமாகப் பார்த்தால் ‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை’ என்று எழுதத் தோன்றும் படம்.

மூன்று காரணங்களால் அப்படி எழுதவில்லை.

முதலாவது, அந்த மலக்குடல் குமிழி. கீழ்வரை வாயு வந்திருக்கிறது, எனவே அடைப்பு இல்லை என்று டியூட்டி டாக்டர் அதைக் காட்டினார். செவிலியர் குறிப்பைப் புரட்டினால் விரல் சோதனை 7.20-க்கு நடந்திருக்கிறது, படம் அரைமணி கழித்து. விரலோடு காற்றும் உள்ளே போகும். எனிமா கொடுத்தாலும் போகும். ஆகவே அந்தக் குமிழியை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக எடுக்க முடியாது.

இரண்டாவது, பக்கவாட்டுப் படத்தில் தெரிந்த ஒரு சிறிய சங்கதி. வயிற்றின் நடுவே ஆறேழு குட்டிக் குமிழிகள் ஒரு சாய்ந்த கோட்டில் மணி கோத்தாற்போல் நின்றன. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய முழுக்க நீர் நிறைந்த சிறுகுடலில் மிஞ்சியிருக்கும் சொற்ப வாயு, மேல்சுவரை ஒட்டி, உள்மடிப்புகளின் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும்போது இந்த வரிசை வருகிறது. பெருங்குடல் மலத்தில் கலந்த குமிழிகள் இப்படி வரிசை கட்டாது, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். சாதாரணக் குடலில் இதைப் பார்ப்பது அரிது. பார்த்தால், வாயு இல்லாத அந்தச் சாம்பல் பரப்புக்குள் நீர் நிறைந்து வீங்கிய வளைவுகள் ஒளிந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று ஒரு நாளில் குடலுக்குள் சுரப்பதே ஏழெட்டு லிட்டர் வரும். வழி அடைபட்டால் வாயுவுக்கு முன்பே நீர் தேங்கிவிடலாம்.

அதே படத்தில் விரிந்த வளைவு ஒன்றில் இரண்டு நீர்மட்டங்கள் வெவ்வேறு உயரத்தில் நின்றன. நீர்மட்டம் என்பது மேலே வாயு, கீழே நீர், நடுவே நேர்கோடு. அது மட்டும் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; வயிற்றுப்போக்கிலும் வரும். ஒரே வளைவின் இரண்டு கைகளில் மட்டம் சமமில்லாமல் நின்றால், குடல் இன்னும் முக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. சோர்ந்து கிடக்கும் குடலில் இது குறைவாகவே வரும். குறைவுதான், வரவே வராது என்றில்லை.

மூன்றாவது, படத்துக்கு வெளியே இருந்தது: விட்டுவிட்டு வரும் வலி, அதோடு சேர்ந்து எழும் இரைச்சல். பொட்டாசியம் குறைந்து சோர்ந்த குடல் அமைதியாகக் கிடக்கும்.

நான் எழுதிய அறிக்கை இது: “சிறுகுடல் வளைவுகள் 3.4 செ.மீ. விரிவு, மணிவரிசைக் குமிழிகள், சமமற்ற நீர்மட்டங்கள். நீர் நிறைந்த சிறுகுடல் அடைப்பு என்றே கருதுக. வெளியேறிய வாயு இல்லை. குடலின் ரத்த ஓட்டம் பற்றி இந்தப் படத்தால் கருத்துக் கூற இயலாது. படம் பியூபிஸ் எலும்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஹெர்னியா வரும் இடங்கள் படத்தில் இல்லை.”

கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. வயிற்று எக்ஸ்ரே என்றால் மேலே உதரவிதானம், கீழே தொடையிடுக்கு இரண்டும் வர வேண்டும். ஒரே தட்டில் அடங்காவிட்டால் கீழ்ப்பகுதிக்கு இன்னொன்று எடுப்பதுதான் முறை.

## அன்றிரவு எடுத்த முடிவுகள்

அடைப்பு என்று வைத்துக்கொண்டே சிகிச்சை தொடங்கியது. வாய்வழி எதுவும் இல்லை, மூக்கு வழியே ரைல்ஸ் டியூப், ரிங்கர் லாக்டேட் சலைன், சிறுநீர்க் குழாய், மணிக்கணக்கில் சிறுநீர் அளவு, சிறுநீர் வரத் தொடங்கிய பிறகு பொட்டாசியம். ரைல்ஸ் டியூப் போட்ட உடனே 1,100 மில்லி பழுப்பு நீர் வந்தது. நேரான குடலழற்சியில் இவ்வளவு தேங்குவதில்லை. டியூட்டி டாக்டர் மனம் மாறியது அந்தப் பையைப் பார்த்துத்தான்.

வீட்டார் எனிமா கேட்டார்கள். கொடுத்தால் பெருங்குடலில் மிச்சமிருப்பது வெளியேறும், எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும், மேலே இருக்கும் அடைப்பு அப்படியே இருக்கும். ஆகவே வேண்டாம் என்று விளக்கினோம். வாந்தி ஊசியிலும் குடலை முடுக்கும் மெட்டோகுளோபிரமைடைத் தவிர்த்து ஆண்டன்செட்ரான் கொடுத்தார்கள்.

நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மருந்தை டியூப் வழியே கொடுத்து, மறுநாள் அது பெருங்குடலுக்கு வந்து சேர்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் முறை ஒன்று உண்டு. 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் அறுவை இல்லாமலே சரியாகும் வாய்ப்பு அதிகம். அதைச் செய்யலாமா என்று பேச்சு வந்தது. அந்த முறை பழைய அறுவையால் குடல் ஒட்டிக்கொண்டு வரும் அடைப்புக்கானது. இவருக்குத் தழும்பே இல்லை. அப்படியானால் மீதி இருப்பவை வெளியே தெரியாத ஹெர்னியா, கட்டி, நம் ஊரில் மறக்கக்கூடாத குடல் காசநோய்ச் சுருக்கம், பித்தப்பைக் கல் குடலில் இறங்கி அடைப்பது போன்றவை. இவற்றில் எதுவும் காத்திருந்தால் சரியாகும் வகை அல்ல. கல் இறங்கியிருந்தால் பித்தக்குழாய்களில் வாயு தெரிய வாய்ப்புண்டு என்று படத்தில் கல்லீரல் பக்கம் மறுபடி பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை.

சி.டி. ஸ்கேன்தான் அடுத்த படி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்போது என்பதில்தான் பேச்சு. கிரியேட்டினின் 1.9 என்பதால் கான்ட்ராஸ்ட் ஊசிக்குத் தயங்கினோம். வயிறு மெத்தென்று இருந்ததும், காய்ச்சல் இல்லாததும் காத்திருக்கலாம் என்ற பக்கம் சாய்த்தன. சில மணி நேரம் சலைன் கொடுத்து, அதிகாலையில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, காலையில் சி.டி. எடுப்பது என்று முடிவானது. நடுவே வலி விடாமல் நிலைத்துவிட்டாலோ, வயிறு விறைத்தாலோ, நாடி இன்னும் ஏறினாலோ காத்திருக்காமல் உடனே சி.டி. என்பதும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது.

## இரண்டாவது எக்ஸ்ரே, பிறகு ஒரு கேள்வி

மூன்று மணிக்கு எடுத்த படம் பாடப்புத்தகத்தில் போடத்தக்கது. நீரை டியூப் இழுத்துவிட்டதாலும், ஓங்கரிக்கும்போதெல்லாம் காற்றை விழுங்கியதாலும் குடலுக்குள் வாயுவின் பங்கு கூடியிருந்தது. வயிற்றின் நடுவே ஏழெட்டு வளைவுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, இடது மேலிருந்து வலது கீழ்நோக்கி ஏணிப்படிபோல் இறங்கின. அகலம் 4 சென்டிமீட்டர். மேலே இருந்தவற்றில் மடிப்புகள் நெருக்கம். கீழே வரவர மடிப்பு குறைந்து கடைசி இரண்டு வளைவுகள் வழவழவென்று இருந்தன. சிறுகுடலின் கடைப்பகுதியான இலியம் அப்படித்தான் தெரியும். பெருங்குடலில் இருந்த வாயு போய்விட்டது. மலக்குடலில் எதுவும் இல்லை.

முதல் படத்தில் இரண்டே வளைவுகள் தெரிந்ததால் அடைப்பு மேலேதான் என்று நினைத்திருந்தால் தவறாகியிருக்கும். வளைவுகள் எத்தனை என்பது அடைப்பு எவ்வளவு தாழ்வு என்று காட்டும் என்பது விதிதான், ஆனால் அவற்றில் வாயு நிறைந்திருந்தால் மட்டும். இன்னொன்று: இரைப்பைக் குமிழி இந்தப் படத்தில் சிறுத்திருந்தது. அது முன்னேற்றம் அல்ல, டியூப் செய்த வேலை.

இம்முறை படம் தொடையிடுக்கு வரை முழுதாக வந்திருந்தது. ஹெர்னியாவுக்குள் சிக்கிய குடலில் வாயு இருந்தால், பியூபிஸ் எலும்புக்கு அருகே, குடல் இருக்கவே கூடாத இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். தேடினேன், இல்லை. இல்லாததை வைத்து ஹெர்னியா இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

துப்பு கிடைத்தது படத்தில் அல்ல. அதிகாலைச் சுற்றில் அறுவை மருத்துவர் பார்த்தபோது நோயாளி வலது காலை மடக்கியே வைத்திருந்தார். “காலை நீட்டிப் படுங்க பாட்டி” என்றதும், “நீட்டினா தொடைக்குள்ள சுருக்குன்னு இழுக்குதுய்யா, முட்டி வரைக்கும் போகுது” என்றார். தொடையின் உட்பக்கத்தைத் தடவிக் காட்டினார். காலை நீட்டி, வெளிப்பக்கம் அகற்றி, உட்புறமாகத் திருப்பியபோது வலி அதே தடத்தில் ஏறியது, மடக்கியதும் குறைந்தது. ஆப்டுரேட்டர் நரம்பு அழுத்தப்படும்போது வரும் வலி அது. அந்த நரம்பு இடுப்பெலும்பில் உள்ள ஆப்டுரேட்டர் துளை வழியாகத்தான் தொடைக்கு இறங்குகிறது. அதே துளையில் குடல் நுழைந்தால் நரம்பு நசுங்கும். மூன்று வாரமாகச் சொன்ன முழங்கால் வலிக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆப்டுரேட்டர் ஹெர்னியா அபூர்வம். ஆனால் வரும்போது பெரும்பாலும் இதே உருவத்தில் வரும்: வயதான, மெலிந்த, பல பிரசவம் கண்ட பெண். துளையை அடைத்து நிற்கும் கொழுப்பு உடல் மெலியும்போது கரைந்து இடம் விடுகிறது. பெண்களின் இடுப்பெலும்பு அகலமானது என்பதும் ஒரு காரணம். வலப்பக்கம் அதிகம் வருவதற்கு, இடப்பக்கத் துளையைப் பெருங்குடலின் கடைவளைவு மறைத்து நிற்பதைக் காரணமாகச் சொல்வார்கள். தொடைத் தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் வெளியே கைக்கு வீக்கம் தட்டுப்படாது. தொடையிடுக்கைச் சரியாகப் பார்த்தும் எதுவும் கிடைக்காமல் போனது அதனால்தான்.

## சி.டி. ஸ்கேன்

ஆறு மணிக்குக் கிரியேட்டினின் 1.5, சிறுநீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. கான்ட்ராஸ்ட் ஊசியோடு எடுத்தோம், தொடையின் மேற்பகுதி வரை சேர்த்து எடுக்கச் சொல்லி.

சி.டி.யில் அடைப்பைத் தேடும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். விரிந்த குடலைப் பிடித்துக்கொண்டு படம் படமாக நகர்த்தினால் ஓரிடத்தில் அது திடீரென்று சுருங்கும். இவருக்கு அந்த இடம் வலது இடுப்புக்குழியின் அடியில். அங்கே பெக்டினியஸ் தசைக்கும் ஆப்டுரேட்டர் எக்ஸ்டெர்னஸ் தசைக்கும் நடுவே, இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரு வட்டம், உள்ளே முழுக்க நீர். வாயு ஒரு துளிகூட இல்லை. எக்ஸ்ரேயில் அந்த இடம் வெறுமையாக இருந்ததற்கு அதுவே விளக்கம். அதற்குக் கீழே இலியமும் பெருங்குடலும் சுருங்கிக் கிடந்தன. சிக்கிய துண்டின் சுவர் மற்ற குடலைவிடக் குறைவாகவே கான்ட்ராஸ்ட் ஏற்றிருந்தது; அதாவது ரத்த ஓட்டம் குறைவு. சுற்றிலும் கொஞ்சம் நீர்.

வயிறு அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது. நசுங்கிய துண்டு வயிற்றுச் சுவரைத் தொடாத ஆழத்தில் இருந்ததால் விறைப்பு வர வழியில்லை.

## அறுவை

ஒன்பது மணிக்கு, தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் திறந்தார்கள். பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் மேலே இலியம் துளையில் மாட்டியிருந்தது. முழு வளைவும் அல்ல, குடல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் உள்ளே இழுக்கப்பட்டிருந்தது. ஆப்டுரேட்டர் ஹெர்னியாவில் இப்படிப் பாதிச்சுவர் மாட்டுவது வழக்கம். பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால், துளையின் விளிம்பைச் சற்றே விரித்து, மெதுவாக வெளியே எடுத்தார்கள்.

வெளியே வந்த குடல் கருநீலமாக இருந்தது. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைச் சுற்றி, ஆக்ஸிஜனைக் கூட்டி, கால்மணி நேரம் காத்திருந்தார்கள். சுற்றிலும் இளஞ்சிவப்பு திரும்பியது. ஆனால் மாட்டியிருந்த ஒன்றரை சென்டிமீட்டர் திட்டு கறுப்பாகவே நின்றது, கிள்ளினாலும் அசையவில்லை. இருபுறமும் நல்ல குடல் வரை 8 சென்டிமீட்டர் வெட்டி எடுத்து இணைத்தார்கள். குடலைத் திறந்துவிட்டதால் கிருமித் தொற்றுக்குப் பயந்து வலை வைக்கவில்லை; கரையாத நூலால் துளையை மூடினார்கள். இடப்பக்கத் துளையிலும் ஒரு சிறு பள்ளம் இருந்தது, அதையும் மூடினார்கள்.

## அறுவைக்குப் பிந்தைய படம்

மூன்றாம் நாள் வயிறு மறுபடி உப்பியது. இணைப்பு கசிகிறதோ, மறுபடி அடைப்போ என்று பயந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். முதல் படங்களோடு இதை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். சிறுகுடலும் விரிந்திருந்தது, பெருங்குடலும் விரிந்திருந்தது, மலக்குடல் வரை வாயு தொடர்ச்சியாக இருந்தது. இம்முறை விரல் சோதனையோ எனிமாவோ நடக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எங்கும் திடீர் முடிவு இல்லை, ஏணிப்படி இல்லை. வயிற்றில் சத்தமும் இல்லை, விட்டுவிட்டு வரும் வலியும் இல்லை. குடல் முழுவதும் சோர்ந்து கிடக்கும் நிலை இது. பொட்டாசியம் 3.0. டியூட்டி டாக்டர் முதல் நாள் சொன்ன கணிப்பு இன்று சரி!

வலது உதரவிதானத்தின் கீழே மெல்லிய கறுப்புப் பிறையும் இருந்தது. வயிற்றைத் திறந்த பிறகு சில நாட்கள் இந்த வாயு இருப்பது இயல்பு, ஆகவே அதை மட்டும் வைத்துக் கசிவு என்று சொல்வதற்கில்லை. காய்ச்சல் இல்லை, நாடி 88, வயிறு மெத்தென்று இருந்தது. பொட்டாசியத்தைச் சரிசெய்து காத்திருக்க முடிவெடுத்தார்கள். ஐந்தாம் நாள் வாயு பிரிந்தது, ஆறாம் நாள் கஞ்சி, பதினோராம் நாள் வீடு. தொடைக்குள் இழுக்கும் வலி அறுவைக்கு மறுநாளே இல்லை. முழங்காலில் பழைய தேய்மானத்தின் பிடிப்பு இருக்கிறது. அதற்குத் தனியாகப் பார்க்கிறார்கள்.

## இனி எப்படிச் செய்கிறோம்

இந்த நிகழ்வைத் துறைக் கூட்டத்தில் வைத்தபோது அதிகம் பேசப்பட்டது இரண்டாவது எக்ஸ்ரே. படம் அழகாக இருந்தது, ஆனால் புதிதாகச் சொன்னது குறைவு. அடைப்பு உண்டு என்பது எட்டு மணிக்கே தெரியும். ஏன், எங்கே, குடல் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றுக்கும் எக்ஸ்ரே உறுதியான விடை தருவது அரிது. தழும்பு இல்லாத வயிற்றில் அடைப்பு என்றால் இப்போது நேரே சி.டி.க்குப் போகிறோம். கிரியேட்டினின் ஏறியிருந்தால் ஊசி இல்லாமலாவது எடுக்கிறோம். ரத்த ஓட்டம் சரியாகத் தெரியாது, ஆனால் துளைக்குள் மாட்டிய குடல் ஊசி இல்லாமலே தெரிந்திருக்கும். உயிருக்கு ஆபத்து என்று அறுவை மருத்துவர் நினைத்தால் கிரியேட்டினினைக் காரணம் காட்டி ஊசியை மறுப்பதும் இல்லை. திரும்பத் திரும்ப எடுக்கும் எக்ஸ்ரேக்களை, பழைய தழும்பு உள்ளவர்களைக் காத்திருந்து கவனிக்கும்போது மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

எக்ஸ்ரே விண்ணப்பத் தாளில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம். ஒன்று, படத்துக்கு முன் விரல் சோதனையோ எனிமாவோ நடந்ததா, எத்தனை மணிக்கு. இன்னொன்று, பழைய அறுவைத் தழும்பு உண்டா. டெக்னீஷியன்களுக்கு ஒரே ஒரு சொல்: பியூபிஸ் எலும்பின் கீழ் விளிம்பு படத்தில் வராவிட்டால் இன்னொன்று எடுங்கள்.

சி.டி. இல்லாத ஊர்களில் பணியாற்றும் நண்பர்கள் இதைக் கேட்டுவிட்டு, எங்களுக்கு என்ன பயன் என்றார்கள். அவர்களுக்குச் சொன்னது இது. மெலிந்த மூதாட்டி, தழும்பு இல்லை, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலியோடு வாந்தி, படத்தில் வாயு குறைவு. இந்த நான்கும் சேர்ந்தால் வலது, இடது தொடையின் உட்பக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், காலை நீட்டிப் பாருங்கள். வலி ஏறினால் டியூப் போட்டு, சலைன் ஏற்றி, அந்த இரவிலேயே அறுவை வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். காலைவரை வைத்திருந்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.